செட்டில்மெண்டில் ஆறாயிரம் எங்கே போச்சு?

"கேட்வேக்காரன் காசைப் பிடிச்சுட்டான்." ஆன்லைனில் கடை நடத்துகிறவர்களுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு என்பதால், இந்த வாக்கியம் காதில் விழாத வாரம் கிடையாது. சொல்கிறவர் கோபத்தில்தான் சொல்வார். ஆனால் ரிப்போர்ட்டை இறக்கிப் பார்த்தால், பல நேரங்களில் யாரும் எதையும் பிடித்திருக்க மாட்டார்கள். போன வாரம் விற்ற ஏதோ ஒன்று திரும்பி வந்து, அதன் ரீஃபண்ட் இந்த வாரப் பணத்திலிருந்து கழிந்திருக்கும். நிஜமாகவே நிறுத்தி வைப்பதும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கழிவதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதுதான் அடிக்கடி நடப்பது.

சின்னாளப்பட்டிப் பக்கம் சுங்குடிப் புடவை வாங்கி, சொந்தமாக ஒரு வெப்சைட் போட்டு விற்கிற தங்கை ஒருவர் இருக்கிறார். ஒரு புடவை 2,000 ரூபாய். கேட்வேக்குக் கட்டணம் 2 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அதாவது ஒரு புடவைக்கு 40 ரூபாய் கட்டணம், 7 ரூபாய் 20 காசு வரி. அது போக 1,952 ரூபாய் 80 காசு, விற்ற நாளிலிருந்து இரண்டு வேலை நாள் கழித்து அவர் வங்கிக் கணக்கில் வந்து விழும்.

ஒரு நாள் ஐந்து புடவை போயிருந்தது. மொத்தம் 10,000. கட்டணமும் வரியும் 236. ஆக 9,764 வர வேண்டும் என்று அவர் எழுதி வைத்திருந்தார். கணக்கில் விழுந்தது 3,764.

"அண்ணே, ஆறாயிரத்தை அப்படியே முழுங்கிட்டாங்க. கேட்டா 'உங்க டிக்கெட்டைப் பதிவு பண்ணிட்டோம்'னு ஒரே மெயிலைத் திரும்பத் திரும்ப அனுப்புறாங்க."

"போன வாரம் ரிட்டர்ன் ஏதாவது வந்துச்சாம்மா?"

வந்திருந்தது. மூன்று புடவை. போட்டோவில் மெரூன் நிறமாகத் தெரிந்தது கையில் செங்கல் நிறமாக இருந்ததாம். அவரே டேஷ்போர்டில் போய் ரீஃபண்ட் பட்டனை அழுத்தியிருக்கிறார், மூன்று தடவை. ஆனால் அந்தக் காசு எங்கிருந்து போகும் என்பது அப்போது அவர் யோசிக்கிற விஷயமாக இல்லை. அந்த மூன்று புடவைக்கான பணம் போன வாரமே அவர் கணக்குக்கு வந்து, சாயக்காரருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இங்கேதான் முடிச்சு இருக்கிறது. கேட்வே நம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்காது. அதற்கு உள்ளே அனுப்பத்தான் வழி, எடுக்க வழி கிடையாது. வாடிக்கையாளர் கட்டுகிற பணம் ஒரு வங்கியில் இருக்கும் எஸ்க்ரோ கணக்கில் சேர்கிறது. அங்கிருந்து நமக்கு வருகிறது. (இப்படிப் பணத்தைக் கையில் வாங்கி நமக்குக் கொடுக்கிற நிறுவனத்துக்கு ரிசர்வ் வங்கி வைத்த பெயர் 'பேமென்ட் அக்ரிகேட்டர்'. ஊரெல்லாம் கேட்வே என்றுதான் சொல்கிறது, நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.) நமக்கு வந்து சேர்ந்த பணத்தை அது திரும்பத் தொட முடியாது. தொட முடிவது, இன்னும் நமக்கு வந்து சேராமல் எஸ்க்ரோவில் நிற்கிற பணம் மட்டும்தான். ஆகவே நாம் ரீஃபண்ட் பட்டனை அழுத்தினால், அது அன்றைக்கு நம் பெயரில் நிற்கிற பாக்கியிலிருந்து போகிறது. கமிஷன் மண்டியில் போன லோடு தக்காளி திரும்பி வந்தால் இந்த லோடு கணக்கில் பிடிப்பார்களே, அதே ஏற்பாடு.

இதைக் கேட்டுவிட்டு அந்தத் தங்கை கேட்ட அடுத்த கேள்வி நியாயமானது. "சரிண்ணே, எனக்கு அவங்க ஒரு புடவைக்குக் குடுத்தது 1,952 ரூபா 80 காசு. பிடிக்கும்போது மட்டும் 2,000 எப்படிப் பிடிக்கலாம்?"

வாடிக்கையாளர் கட்டியது 2,000. அவருக்குத் திரும்பிப் போக வேண்டியதும் 2,000. இடையில் உள்ள 47 ரூபாய் 20 காசு, பணம் வந்தபோது நடந்த வேலைக்கான கூலி. அந்த வேலை நடந்து முடிந்துவிட்டது என்று சொல்லி, பெரும்பாலான கேட்வேக்கள் அதைத் திருப்பித் தருவதில்லை. ஒப்பந்தத்தில் இது எழுதியும் இருக்கும். மூன்று புடவைக்கு 141 ரூபாய் 60 காசு நஷ்டம், அதோடு கூரியருக்குப் போக வரச் செலவு. ரிட்டர்ன் அதிகமாக வருகிற தொழிலில் இது சின்னத் தொகை இல்லை. துணி விற்கிறவர்கள் விலை வைக்கும்போதே இதைச் சேர்த்து வைப்பது நல்லது.

ரிப்போர்ட்டில் இது எப்படித் தெரியும் என்றால், ஏறக்குறைய இப்படி:

```
type      debit     credit    fee     tax
payment   0.00      1952.80   47.20   7.20
refund    2000.00   0.00      0.00    0.00
```

பத்தித் தலைப்புகள் ஒவ்வொரு கேட்வேயிலும் கொஞ்சம் மாறும். ஆனால் செட்டில்மெண்ட் ரிப்போர்ட் என்றோ ரீகன் ரிப்போர்ட் என்றோ ஒன்று கட்டாயம் இருக்கும். பேமென்ட் லிஸ்ட்டைப் பார்க்காதீர்கள், அதில் விற்பனை மட்டும்தான் தெரியும். வங்கி ஸ்டேட்மென்ட்டில் அந்த 3,764 வந்த வரியில் ஒரு யூடிஆர் எண் இருக்கும். அதே எண்ணை செட்டில்மெண்ட் ரிப்போர்ட்டில் தேடி, அந்த எண்ணுள்ள வரிகளை மட்டும் வடிகட்டி, `credit` மொத்தத்திலிருந்து `debit` மொத்தத்தைக் கழித்தால் காசு சுத்தமாக 3,764 வர வேண்டும். வந்துவிட்டால் யாரும் எதையும் முழுங்கவில்லை. வராவிட்டால்தான் சண்டை போட வேண்டும், அப்போதும் எந்த வரியில் இடிக்கிறது என்று சொல்லிச் சண்டை போடலாம். 'டிக்கெட்டைப் பதிவு பண்ணிட்டோம்' மெயிலுக்கு மேலே ஒரு மனிதர் பதில் சொல்வது இப்படி வரி எண்ணோடு கேட்கும்போதுதான்.

இதில் ஒரு குழி இருக்கிறது. சில ரிப்போர்ட்டுகளில் `fee` என்ற தொகைக்குள்ளேயே ஜிஎஸ்டி அடங்கியிருக்கும், மேலே இருக்கிற மாதிரி. `tax` என்பது அதற்குள் வரி எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது மட்டுமே. இரண்டையும் கூட்டிக் கழித்தால் ஒரு புடவைக்கு 7 ரூபாய் 20 காசு உதைக்கும். எக்ஸெல்லில் நூறு வரி போட்டுவிட்டு "எழுநூத்தி இருபது ரூபா திருடிட்டான்" என்று குதிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதேபோல ஏபிஐ வழியாக எடுத்த ரிப்போர்ட் என்றால் தொகை பைசாவில் வரக்கூடும், 2,000 ரூபாய் `200000` என்று நிற்கும்.

கணக்கு எழுதுகிறவனாக என் தனிப்பட்ட எரிச்சல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வங்கியில் வந்தது 3,764 என்று அன்றைய விற்பனையையும் 3,764 என்று எழுதுகிறவர்கள் நிறைய. அது தவறு. விற்பனை 10,000. கட்டணச் செலவு 200, அதன் மேல் 36 ரூபாய் ஜிஎஸ்டி, அது பதிவு செய்த வியாபாரி உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளக் கூடியது. விற்பனைத் திரும்பல் 6,000, அதற்கு மூன்று கிரெடிட் நோட். விற்றது மார்ச் கடைசியில், ரீஃபண்ட் ஏப்ரலில் என்று வந்துவிட்டால் இந்தப் பிரித்தெழுதல் இல்லாமல் ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தேற்றவே முடியாது.

இப்போது கொஞ்சம் மோசமான நிலைமை. ஆறு ரீஃபண்ட் அழுத்துகிறீர்கள், 12,000. அன்றைக்கு எஸ்க்ரோவில் உங்கள் பெயரில் நிற்பது 4,000தான். மீதி 8,000 எங்கிருந்து வரும்? சில கேட்வேக்கள் பாக்கி போதவில்லை என்று அந்த ரீஃபண்டுகளைத் தள்ளிவிடும். சில, வரிசையில் நிறுத்தி வைத்து, அடுத்த விற்பனைப் பணம் வர வர ஒவ்வொன்றாக அனுப்பும். சில இடங்களில் நாமே முன்கூட்டி ஒரு தொகையைப் போட்டு வைக்கலாம், ரீஃபண்டுகள் அதிலிருந்து போகும், அன்றாட செட்டில்மெண்ட் குறையாமல் வரும். சீசன் முடிந்து விற்பனை படுத்து, ரிட்டர்ன் மட்டும் வந்துகொண்டிருக்கிற வாரங்களில் இந்தக் கடைசி வழிதான் உதவும்.

அந்த வழியும் இல்லாவிட்டால் என்ன ஆகும்? வாடிக்கையாளரிடம் "ரீஃபண்ட் போட்டாச்சு மேடம்" என்று சொல்லியிருப்போம். அது உள்ளே வரிசையில் நிற்கும். ரீஃபண்ட் புறப்பட்ட பிறகும் வாடிக்கையாளர் கணக்கில் சேர ஐந்து முதல் ஏழு வேலை நாள் ஆகலாம். பத்து நாள் பொறுத்த வாடிக்கையாளர் கார்டு கொடுத்த வங்கிக்கு போன் போட்டு, "பொருளையும் திருப்பி அனுப்பிட்டேன், காசும் வரலை" என்று புகார் வைப்பார். அங்கே தொடங்குகிறது சார்ஜ்பேக்.

சார்ஜ்பேக் என்றால் வாடிக்கையாளரின் வங்கி நம்மிடம் கேட்காமலேயே பணத்தைத் திரும்ப இழுப்பது. அவர் வங்கி கார்டு நெட்வொர்க் வழியாகக் கேட்வேயின் பக்கமுள்ள வங்கியிடம் எடுக்கும், அது கேட்வேயிடம் எடுக்கும், கேட்வே நம் அடுத்த செட்டில்மெண்டில் எடுக்கும். ரிப்போர்ட்டில் இது `refund` என்று வராது, `adjustment` என்றோ `dispute` என்றோ வரும். நாம் அழுத்தாத ஒரு கழிவு ரிப்போர்ட்டில் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

காசு இரண்டு தடவை போவதும் இந்த இடத்தில்தான். சார்ஜ்பேக் வந்த மெயிலைப் பார்த்ததும் பதறிப்போய், "சனியன், திருப்பிக் குடுத்துத் தொலைப்போம்" என்று ரீஃபண்ட் பட்டனை அழுத்துவார்கள். சார்ஜ்பேக்கில் ஒரு 2,000 ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது, ரீஃபண்டில் இன்னொரு 2,000 போகும். தகராறு திறந்திருக்கிற பேமென்ட்டுக்கு ரீஃபண்ட் போட விடாமல் சில டேஷ்போர்டுகள் தடுக்கும், எல்லாம் தடுக்காது. சார்ஜ்பேக் வந்துவிட்டால் இரண்டில் ஒன்றுதான்: ஒத்துக்கொண்டு அதன் வழியே விட்டுவிடுவது, அல்லது சான்று கொடுத்து எதிர்ப்பது. ரீஃபண்ட் முன்பே போட்டிருந்தால் அந்த ரீஃபண்டின் ஏஆர்என் எண்தான் சான்று. கார்டு ரீஃபண்ட் ஒவ்வொன்றுக்கும் அந்த எண் உண்டு, அதை வைத்து வாடிக்கையாளரின் வங்கி பணம் எங்கே நிற்கிறது என்று பார்க்க முடியும். சார்ஜ்பேக் வருவதற்கு முன்பே அந்த எண்ணை வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் பாதித் தகராறு வராது.

இன்னொரு பழக்கம்: கேட்வே வழியாகப் போனால் தாமதம் என்று, வாடிக்கையாளரின் ஜிபே எண்ணுக்கு நேரடியாக 2,000 அனுப்பிவிடுவது. நல்லெண்ணம்தான். ஆனால் அதே ஆள் பிறகு சார்ஜ்பேக் போட்டால், கார்டில் வந்த பணத்துக்கு ஈடாக வேறொரு யூபிஐ எண்ணுக்கு அனுப்பியதை அந்தப் பேமென்ட்டின் ரீஃபண்டாக நிரூபிப்பது பெரும்பாடு. வந்த வழியிலேயே திருப்பி அனுப்புங்கள்.

சரி, நிஜமாகவே நிறுத்தி வைப்பதற்கு வருவோம். இதில் ஒரு பொருளுக்கான தொகை குறைவதில்லை, செட்டில்மெண்டே வராது. டேஷ்போர்டில் `on hold` என்று நிற்கும்.

ஏன் என்று புரிய, கேட்வே இருக்கிற இடத்தில் நின்று பார்க்க வேண்டும். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பல வகைத் தகராறுகளுக்கு வாடிக்கையாளருக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. பொருள் வரவில்லை என்ற தகராறு என்றால், பொருள் வந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து அந்த நாட்களை எண்ணுவார்கள். ஆனால் நமக்குக் காசு இரண்டு வேலை நாளில் வந்துவிடுகிறது. இடைப்பட்ட நாலு மாதமும் கேட்வே நமக்கு அடமானம் இல்லாமல் கடன் கொடுத்த நிலையில்தான் இருக்கிறது. நாம் கடையை மூடிவிட்டுப் போய்விட்டால் சார்ஜ்பேக் தொகை அதன் தலையில் விழும். அடுத்த செட்டில்மெண்டில் பிடிக்க, அடுத்த செட்டில்மெண்ட் என்று ஒன்று இருக்க வேண்டுமே.

எனக்குத் தெரிந்த இன்னொரு கடை. நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்தாயிரம் வியாபாரம். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு அவர்கள் போட்ட ரீல்ஸ் ஒன்று எப்படியோ ஓடிப்போய், ஒரே ராத்திரியில் 4 லட்சம் ரூபாய்க்கு முன்பதிவு. புடவைகள் இன்னும் தறியில்கூட ஏறவில்லை, 25 நாள் கழித்து அனுப்புவதாக வெப்சைட்டில் எழுதியிருந்தது. மறுநாள் செட்டில்மெண்ட் நின்றது. கடைக்காரருக்கு அந்தப் பணத்தில்தான் நூல் வாங்க வேண்டும். அவர் துடித்தது உண்மை. ஆனால் கேட்வேயின் கண்ணில் படுவது வேறு: வழக்கத்தைவிட முப்பது மடங்கு பணம், பொருள் போகவில்லை, போகாவிட்டால் 4 லட்சத்துக்கும் தகராறு வரும், அந்தத் தகராறு ஏறக்குறைய ஐந்து மாதம் வரை வரலாம். ஏமாற்றுக் கடைகள் செய்வதும் வெளியிலிருந்து பார்த்தால் இதே மாதிரிதான் இருக்கும்: கொஞ்ச நாள் ஒழுங்கு வியாபாரம், பிறகு ஒரு பெரிய ஆஃபர், பிறகு ஆளைக் காணோம்.

ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் போட்ட வழிகாட்டுதலும் இந்தக் கணக்கை ஒட்டித்தான் இருந்தது. பொருளைக் கொண்டு சேர்ப்பது வியாபாரியின் பொறுப்பு என்றால், பொருள் போய்ச் சேர்ந்ததாக அவர் தெரிவித்த நாளுக்கு அடுத்த நாளைக்குள் பணம் தர வேண்டும் என்றது. ரீஃபண்ட் காலம் முடியும்வரை வைத்திருக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அந்தக் காலம் முடிந்த மறுநாள் என்றது. கடிகாரம் ஓடத் தொடங்கியது பணம் வந்தபோது இல்லை, பொருள் போய்ச் சேர்ந்தபோது என்பதைக் கவனியுங்கள். 2025 செப்டம்பரில் இந்த விதிகளெல்லாம் ஒரே ஆவணமாகத் திருத்தி எழுதப்பட்டுவிட்டன. ஆகவே சட்டப்படி வாதாடப் போகிறவர் அந்த ஆவணத்தையும், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் பணத்தை நிறுத்தி வைக்கும் உரிமை பெரும்பாலும் தாராளமாகவே எழுதப்பட்டிருக்கும், நாமும் 'ஒப்புக்கொள்கிறேன்' பெட்டியில் டிக் போட்டிருப்போம்.

அந்தத் தீபாவளிக் கடை எப்படி மீண்டது? கோப மெயில்களை நிறுத்திவிட்டு, நெசவாளர் கூட்டுறவுக்குக் கொடுத்த ஆர்டரின் நகல், நூலுக்குக் கொடுத்த அட்வான்ஸ் ரசீது, போன தீபாவளிக்கு அனுப்பிய பார்சல்களின் கூரியர் எண்கள், வெப்சைட்டில் ரிட்டர்ன் விதி எழுதிய பக்கம் எல்லாவற்றையும் ஒரே மெயிலில் அனுப்பினார்கள். கேட்வே முழுதாக விடவில்லை. பார்சல் போகப் போக, அந்தந்தக் கூரியர் எண்களைப் பதிவேற்றினால் அந்தந்த ஆர்டருக்கான பணம் விடுவோம் என்றது. நூல் வாங்க வெளியே கடன் வாங்க வேண்டித்தான் வந்தது. அந்த வட்டியை யாரும் ஈடு செய்யவில்லை, அது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை. கணக்குத் தொடங்கும்போதே "முன்பதிவு வியாபாரம் செய்வோம், இத்தனை நாள் கழித்து அனுப்புவோம்" என்று சொல்லி, விற்பனைக்கு முந்தின வாரம் ஒரு மெயில் போட்டிருந்தால் செட்டில்மெண்ட் நின்றிருக்க வாய்ப்புக் குறைவு. சில இடங்களில் இதற்குப் பதிலாக ஒவ்வொரு செட்டில்மெண்டிலும் ஒரு பங்கை மட்டும் எடுத்து வைத்து, சில மாதம் கழித்து விடுவிப்பார்கள். ரோலிங் ரிசர்வ் என்பார்கள். மொத்தமாக நிற்பதைவிட அது தேவலாம், கேட்டுப் பார்க்கலாம்.

நிறுத்தலில் இன்னொரு வகையும் இப்போது அதிகமாக வருகிறது. யாரோ ஒருவரிடம் மோசடி செய்து பறித்த பணத்தில் நம் கடையில் பொருள் வாங்கியிருப்பார்கள். பணத்தைப் பறிகொடுத்தவர் 1930 எண்ணில் புகார் செய்வார். பணம் போன தடத்தைப் பின்தொடர்ந்து போலீஸ் நம் கேட்வேக்கு நோட்டீஸ் அனுப்பும், அந்தத் தொகை நிறுத்தப்படும். இதை அடையாளம் காண்பது சுலபம்: நிற்கிற தொகை ஏதோ ஒரே ஒரு ஆர்டரின் தொகையோடு அப்படியே பொருந்தும். இங்கே கேட்வேயிடம் கத்திப் பயனில்லை. கேட்வேயால் அந்தத் தொகையை விடுவிக்க முடியாது. புகார் எண்ணையும் எந்த நிலையம் என்பதையும் கேட்டு வாங்கி, அந்த விசாரணை அதிகாரிக்கு பில், கூரியர் எண், டெலிவரி ஆனதற்கான சான்று மூன்றையும் நாம்தான் அனுப்ப வேண்டும். நிலையம் வேறு மாநிலத்தில் இருந்தால் பொறுமையும் வேண்டும்.

கடைசியாக, மெயில் பெட்டி. கடை தொடங்கும்போது யாரோ வெப்சைட் செய்து கொடுத்த பையன் தன் மெயில் ஐடியைக் கேட்வேயில் பதிந்துவிட்டுப் போயிருப்பான். சார்ஜ்பேக்குக்குப் பதில் சொல்ல நாள் கணக்கில்தான் அவகாசம் தருவார்கள். கெடு முடிந்தால் சான்று எவ்வளவு நன்றாக இருந்தாலும் தோற்றதாகவே எடுத்துக்கொள்ளப்படும். கேஒய்சி விவரம் புதுப்பிக்கச் சொல்லும் மெயிலும் அதே பெட்டிக்குத்தான் போகும், பதில் வராவிட்டால் அதற்கும் செட்டில்மெண்ட் நிற்கும். அந்தச் சுங்குடிக் கடையில் நான் முதலில் மாற்றச் சொன்னது அந்த ஐடியை. இரண்டாவது, வியாழக்கிழமை தோறும் அந்த வாரம் அழுத்திய ரீஃபண்டுகளைக் கூட்டி, வரவிருக்கும் செட்டில்மெண்டிலிருந்து கழித்துவிட்டு, மிஞ்சுகிற தொகைக்கு மட்டும் சாயக்காரருக்குத் தேதி சொல்வது.